தம்பிக்கு மாதம் 1450 டாலர் என்றார்கள், வீட்டுக்கு வருவது 82 ஆயிரம் ரூபாய்தான். சம்பளத் தாளை எப்படிப் படிப்பது?

செல்வி_தூத்துக்குடி | 2025 ஜூலை 6, இரவு 9:40

வணக்கம். என் தம்பி பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் ஏபியாக, அதாவது தேர்ந்த மாலுமியாக இருக்கிறான், வெளிநாட்டுக் கொடி. மும்பை ஏஜென்சி மூலம் ஏப்ரல் 12 சைன் ஆன். ஒப்பந்தம் 9 மாதம், ஒரு மாதம் கூடலாம் குறையலாம் என்று இருக்கிறது. போனில் "மாதம் 1450 டாலர்" என்று சொன்னார்கள், ஒப்பந்தத்திலும் கடைசி வரியில் 1450 என்றுதான் உள்ளது. ஆனால் ஜூன் மாதத்துக்கு அம்மா கணக்கில் விழுந்தது 82,610 ரூபாய். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறவள், எண் எனக்குப் புதிதில்லை, இருந்தும் இந்தத் தாள் பிடிபடவில்லை. தம்பி போட்டோ எடுத்து அனுப்பியதை அப்படியே தட்டுகிறேன்:

பேசிக் 673.00
ஃபிக்ஸட் ஓவர்டைம் 421.00
சீ அலவன்ஸ், 22 நாள், 145.93
இந்த மாதம் கொடுக்க வேண்டியது 1239.93
போன மாத மீதி 96.20
பிடித்தம்: அலாட்மென்ட் 1000.00, கேஷ் அட்வான்ஸ் 150.00, பாண்ட் ஸ்டோர் 48.50, இன்டர்நெட் 20.00
அடுத்த மாதத்துக்குப் போகும் மீதி 117.63
கீழே தனியாக: லீவ் பே இந்த மாதம் 157.00, மொத்தம் 314.00

ஒப்பந்தத்தில் சீ அலவன்ஸ் 199 என்று இருக்கிறது. இதில் 145.93தான். 1450 எங்கே போயிற்று? ஏமாற்றுகிறார்களா?

---

டெக்_ராஜா | இரவு 10:05

அக்கா, நான் தேர்ட் மேட். பயப்பட ஒன்றுமில்லை. சீ அலவன்ஸ் என்றால் கப்பல் கடலில் ஓடும் நாளுக்கு மட்டும், போர்ட்டில் நின்றால் கிடையாது. 22 நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். லீவ் பே வீட்டுக்கு வந்த பிறகு மாதா மாதம் வரும். அலாட்மென்ட் என்பது வீட்டுக்கு அனுப்பச் சொல்லித் தம்பி எழுதிக் கொடுத்த தொகை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

---

கல்ஃப்_டக்_காரன் | இரவு 10:31

எனக்கு இந்தக் கதையே வேறு. நான் வளைகுடாவில் ஆங்கர் ஹாண்ட்லிங் டக்கில் இருக்கிறேன், நாள் கணக்குச் சம்பளம். கப்பலில் இருந்தால் முழு ரேட், வீட்டில் இருந்தால் பாதி. இந்த 1450, 1240 கணக்கெல்லாம் எங்களுக்குக் கிடையாது. மாதாமாதம் வருவதை எண்ணிக்கொள்வோம். தம்பியை ஆஃப்ஷோர் பக்கம் வரச் சொல்லுங்கள்.

---

கிரூ_கணக்கு | இரவு 11:20

சென்னையில் ஒரு மேனிங் அலுவலகத்தில் பல வருடம் கிரூ அக்கவுன்ட்ஸ் பார்த்தவன் நான். மேலே ராஜா சொன்னதில் பாதி சரி, பாதி அவருடைய கம்பெனிக்கு மட்டும் சரி.

செல்வி, முதலில் அந்த 1450ஐப் பிரித்துப் பாருங்கள். 673, 421, 199, 157. நான்கையும் கூட்டினால் 1450 வருகிறது. அதாவது லீவ் பே 157ஐயும் சேர்த்துத்தான் உங்களிடம் 1450 என்று சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்சிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பவர் முழுத் தொகையும் மாதாமாதம் கைக்கு வரும் என்றுதான் நினைப்பார். இந்த ஒப்பந்தத்தில் லீவ் பே சேர்ந்துகொண்டே போய், இறங்கும் நாளில் மொத்தமாக வரும் போலிருக்கிறது. தாளில் அதைத் தனியாகக் கீழே போட்டிருப்பது அதனால்தான். ஒன்பது மாதத்துக்கு 1413 டாலர், பத்து மாதம் ஓடினால் 1570. அது தம்பியின் காசு, தொலையவில்லை. ஆகவே மாதாமாதம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது 1450 அல்ல, 1293.

இனி மற்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கலாம், ஏனென்றால் இவை சும்மா போட்ட எண்கள் அல்ல. 673 என்பது ஐ.எல்.ஓ. அமைப்பு 2025க்கு ஏபிக்குச் சொன்ன குறைந்தபட்ச பேசிக். அதை மாதம் 208 வேலை மணியால் வகுத்தால் ஒரு மணிக்கு 3.2356 வரும். ஓவர்டைம் மணிக்கு அதன் ஒன்றேகால் மடங்கு, அதாவது சுமார் 4.04. இதை 104 மணியால் பெருக்கினால் 420.6, முழுதாக்கி 421. லீவ் பேயில் 673ஐ 30ஆல் வகுத்து 7 நாளால் பெருக்கியிருக்கிறார்கள், 157. ஆக, மூன்று வரியும் பேசிக் என்ற ஒரே எண்ணிலிருந்து பிறக்கின்றன. சீ அலவன்ஸ் மட்டும்தான் எதிலிருந்தும் பிறக்காத எண், கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைப்பது.

உங்கள் 145.93ஐப் பாருங்கள். 199ஐ 30ஆல் வகுத்து 22ஆல் பெருக்கினால் சரியாக 145.93. கணக்குத் தப்பில்லை. 8 நாளைக் கழித்தது ஏன் என்பதுதான் கேள்வி. அந்த 8 நாள் கப்பல் எங்கே நின்றது?

இன்னொன்று. லீவ் பே மொத்தம் 314 என்று சொன்னீர்களே, அதைப் பார்த்ததுமே எனக்கு இடிக்கிறது. 314 என்பது இரண்டு 157. ஏப்ரலில் 12 முதல் 30 வரை 19 நாள் வேலை பார்த்திருக்கிறாரே, அந்த லீவ் பே எங்கே? ஏப்ரல் தாளும் மே தாளும் இருக்கின்றனவா?

---

பழைய_போசன் | ஜூலை 7, காலை 5:50

கிரூ கணக்கு நல்லா பிரிச்சிருக்கார். நான் ஒன்று சேர்க்கிறேன். அந்த 104 மணிக்கு மேல் ஓவர்டைம் செய்தால் அதற்குத் தனியாக மணிக்கு 4.04 உண்டு, ஆனால் ஓவர்டைம் ஷீட்டில் எழுதி சீஃப் மேட் கையெழுத்துப் போட்டால்தான். அங்கேதான் வம்பு. ஓய்வு நேரப் பதிவு என்று இன்னொரு ஷீட் இருக்கிறது, எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி ஓய்வு, வாரத்துக்கு 77 மணி ஓய்வு என்று அதில் காட்டியாக வேண்டும். ஓவர்டைமை உள்ளபடி எழுதினால் ஓய்வு ஷீட் உடைந்துவிடும், இன்ஸ்பெக்டர் வந்தால் கப்பலுக்குப் பெயர் கெடும். அதனால் ஓவர்டைமைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். ஹோல்டு கழுவுகிற மாதத்தில் தம்பி எத்தனை மணி வேலை பார்த்தான், தாளில் எத்தனை என்று கேளுங்கள். சொந்தமாக ஒரு நோட்டில் தேதியும் மணியும் குறித்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு சண்டை வந்தால் அது உதவும்.

---

செல்வி_தூத்துக்குடி | காலை 8:15

கிரூ கணக்கு அண்ணா, போசன் அண்ணாச்சி, ரொம்ப நன்றி. தம்பியிடம் கேட்டேன். ஜூனில் 8 நாள் சீனாவில் ஷிப்யார்டில் டிரை டாக், பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்களாம். எல்லோரும் கப்பலிலேயேதான் தங்கியிருந்தார்களாம், சாப்பாடும் அங்கேயே, வேலையும் வழக்கத்தைவிட அதிகம்.

ஏப்ரல் தாள் கிடைத்தது: பேசிக் 426.23, ஓவர்டைம் 266.63, சீ அலவன்ஸ் 126.03. லீவ் பே என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. மே தாளில் லீவ் பே 157, மொத்தம் 157.

---

கிரூ_கணக்கு | காலை 9:30

பார்த்தீர்களா. 673ஐ 30ஆல் வகுத்து 19ஆல் பெருக்கினால் 426.23. ஓவர்டைமும் சீ அலவன்ஸும் அதே 19 நாளுக்குச் சரியாக வந்திருக்கின்றன. லீவ் பே மட்டும் விட்டுப்போயிற்று. 157ஐ 30ஆல் வகுத்து 19ஆல் பெருக்கினால் 99.43 டாலர். ஜூன் இறுதியில் மொத்தம் 413.43 இருக்க வேண்டும், 314 இருக்கிறது. முதல் மாதம் பாதியில் ஏறுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கப்பலில் கணக்குப் போடும் எக்செல் ஷீட்டில் லீவ் பே கட்டத்தில் முழு மாதத்துக்கான ஃபார்முலா இருக்கும், பாதி மாதத்துக்கு யாராவது கையால் போட வேண்டும், மறந்துவிடுவார்கள். திருட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இறங்கும்வரை யாரும் கேட்காவிட்டால் அப்படியே போய்விடும், ஏனென்றால் கடைசி நாளில் சைன் ஆஃப் தாளில் "மொத்தம் சரி" என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

தம்பி கேப்டனிடம் வாயால் கேட்டால் போதாது. இமெயிலோ வெள்ளைத்தாளில் ஒரு கடிதமோ, தேதியோடு. "ஏப்ரல் 12 முதல் 30 வரை லீவ் பே 99.43 விடுபட்டுள்ளது, அடுத்த தாளில் சேர்க்கவும்" என்று இரண்டு வரி. பணிவாக எழுதலாம், ஆனால் எண்ணைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். ஏப்ரல் 12 என்பது கப்பலில் ஏறிய தேதியா, வீட்டிலிருந்து கிளம்பிய தேதியா? பல ஒப்பந்தங்களில் சம்பளம் ஊரை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து தொடங்கும். அதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

---

செல்வி_தூத்துக்குடி | காலை 10:02

10ஆம் தேதி ராத்திரி தூத்துக்குடியிலிருந்து கிளம்பினான். 12 ஏறிய நாள். இதை நான் பார்க்கவே இல்லை, ஒப்பந்தத்தை மறுபடி எடுக்கிறேன்.

---

டெக்_ராஜா | காலை 10:40

லீவ் பே விஷயத்தில் ஏற்கிறேன், எங்கள் கம்பெனியில் வீட்டுக்கு வந்த பின்தான் தருவார்கள், அதையே சொல்லிவிட்டேன். ஆனால் டிரை டாக் நாளுக்கு சீ அலவன்ஸ் இல்லை என்பது சரிதான். எங்கள் கப்பலிலும் கொடுப்பதில்லை. கடல் அலவன்ஸ் என்பது கடலில் இருக்க.

---

கிரூ_கணக்கு | காலை 11:15

ராஜா, அலவன்ஸின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒப்பந்தத்தில் உள்ள வாக்கியம்தான் தீர்ப்பு. நான் பார்த்தவரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, கப்பலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும். அப்படியானால் டிரை டாக், நங்கூரம், போர்ட் எல்லாம் சேரும். இரண்டு, கப்பல் ஓடும் நாளுக்கு மட்டும். மூன்று, "கப்பல் சேவையில் இருக்கும் நாளுக்கு". இந்த மூன்றாவதுதான் தலைவலி, இரண்டு பக்கமும் இழுக்கலாம். செல்வி, வாக்கியத்தை அப்படியே போடுங்கள்.

---

செல்வி_தூத்துக்குடி | பகல் 12:20

மூன்றாவதுதான் அண்ணா. "கப்பல் சேவையில் இருக்கும்போது கப்பலில் தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும்" என்று வருகிறது. டிரை டாக் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சம்பளம் "பணியில் சேர இந்தியாவிலிருந்து புறப்படும் நாள் முதல்" என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. தம்பியின் விமானம் சென்னையிலிருந்து 11ஆம் தேதி காலை.

---

பழைய_போசன் | பகல் 1:05

அப்ப 11ஆம் தேதி ஒரு நாள் பேசிக்கும் உண்டு, 22 டாலர் சொச்சம். சின்னத் தொகைதான், ஆனால் எழுதும்போது சேர்த்து எழுதிவிடு தாயி.

டிரை டாக்குக்கு என் அனுபவத்தில் பாதிக் கம்பெனி கொடுக்கும், பாதி கொடுக்காது. கொடுக்காதவன் சேவையில் இல்லை என்பான். கொடுக்கிறவன் மாலுமி சேவையில்தானே இருக்கிறான் என்பான்.

---

கடலூர்_கணேஷ் | மாலை 4:30

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி குழப்பம், ஆனால் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏபிதான். இரண்டு ஆஃபர். ஒன்று செல்வி தம்பி மாதிரி 1450, அதே பிரிவுகள். இன்னொன்று 1520. அதில் பேசிக் 520, ஓவர்டைம் 325, லீவ் பே 43, சீ அலவன்ஸ் 632. மாதம் 70 டாலர் அதிகம், 9 மாதத்துக்கு 630. வீட்டில் கடன் இருக்கிறது, 1520க்குத்தான் போகலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

---

கல்ஃப்_டக்_காரன் | மாலை 4:48

கண்ணை மூடிக்கொண்டு 1520 எடு தம்பி. பணம் பணம்தான், அதற்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன. எங்கள் ஆட்களும் கையில் வருவதைத்தான் பார்ப்போம்.

---

கிரூ_கணக்கு | மாலை 6:10

கணேஷ், அவசரப்படாதீர்கள். கடலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் 1520தான் அதிகம், அதை மறுக்கவில்லை. ஏதாவது ஒன்று ஒழுங்காக நடக்காவிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் லீவ் பேயைப் பார்ப்போம். இரண்டாவது ஆஃபரில் லீவ் பே 43தான், 520க்கு இரண்டரை நாள் கணக்கு. இரண்டரை நாள் என்பது எம்.எல்.சி. 2006 என்ற சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்லும் மிகக் குறைந்த அளவு, அதற்குக் கீழே போக முடியாது, அதனால் அந்தக் கோட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். முதல் ஆஃபரில் ஏழு நாள்.

இப்போது நீங்கள் செல்வி தம்பி மாதிரி 8 நாள் டிரை டாக்கில் நின்றால், முதல் ஆஃபரில் 53 டாலர் போகும். இரண்டாவதில் 632ஐ 30ஆல் வகுத்து 8ஆல் பெருக்குங்கள், 168.53. மாதம் 70 அதிகம் என்றீர்களே, அது அந்த மாதத்தில் காணாமல் போய் மேலும் கொஞ்சம் கையைவிட்டும் போகும். ஏற வேண்டிய கப்பல் தாமதமாகி ஹோட்டலில் இரண்டு வாரம் உட்கார வைத்தால் பெரும்பாலும் பேசிக் மட்டும்தான், அப்போது 673க்கும் 520க்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அடுத்து உடம்பு. முதுகு பிடித்துக்கொண்டு, அல்லது விரல் நசுங்கி இறக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். கப்பலில் இருக்கும்வரை, ஊர் வந்து சேரும்வரை முழுச் சம்பளம். வந்தபின் சம்பளம் முழுதாகவோ பகுதியாகவோ என்று எம்.எல்.சி. சொல்கிறது, அந்தப் பொறுப்பைக் குறைந்தது 16 வாரத்துக்குக் கீழே சட்டம் போட்டுச் சுருக்கக் கூடாது. நடைமுறையில் பல ஒப்பந்தங்களில் இந்தக் காலத்துக்குப் பேசிக் மட்டும்தான். 16 வாரம் என்றால் 112 நாள். மாதம் 153 டாலர் குறைவு என்றால் மொத்தம் 571 டாலர். 9 மாதம் முழுதும் ஒழுங்காக வேலை பார்த்துச் சேர்க்கும் 630ஐ ஏறக்குறைய ஒரே ஒரு முதுகுப் பிடிப்பு தின்றுவிடும்.

பேசிக் 520 என்பது 2025க்கான 673க்குக் கீழே. சட்டவிரோதமா என்று கேட்டால், அந்த எண் எம்.எல்.சி.யின் ஆலோசனைப் பகுதியில் வருவது, கொடி நாடு அதைக் கட்டாயமாக்கியிருந்தால்தான் பிடி கிடைக்கும். ஆனால் ஒரு கம்பெனி 1520 கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு பேசிக்கை மட்டும் 520ல் வைக்கிறது என்றால், அதைத் தெரிந்தே செய்திருக்கிறது. ஏன் என்பதைத்தான் இப்போது சொன்னேன். 2026 ஜனவரியிலிருந்து அந்தக் குறைந்தபட்சம் 690 ஆகிறது, 2027ல் 704, 2028ல் 715. உங்கள் 520 அதோடு ஓடி வருமா என்று பாருங்கள்.

---

கடலூர்_கணேஷ் | மாலை 6:40

அண்ணா, அந்த 16 வாரக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் 1520 கம்பெனி இந்த வாரமே ஏற்றுகிறேன் என்கிறது, 1450 கம்பெனி ஆகஸ்ட் என்கிறது. ஒரு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்தாலும் நஷ்டம்தானே.

---

கிரூ_கணக்கு | மாலை 7:05

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடன் வட்டி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஏற்றுகிறேன் என்கிற ஏஜென்சிக்கு அரசின் டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த, மாலுமிகளை வேலைக்கு எடுப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா, அது செல்லுபடியில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். வேலைக்கு ஏற்றிவிட "சர்வீஸ் சார்ஜ்" கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள், மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று எம்.எல்.சி.யிலேயே இருக்கிறது. மெடிக்கல், சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் இவைதான் உங்கள் செலவு, விசா கூட அவர்கள் செலவு.

---

மாலை_நேர_ஆடிட்டர் | இரவு 8:20

சம்பளப் பிரிவுகளைப் பேசுகிறீர்கள், வரியை யாரும் பேசவில்லையே. 9 மாத ஒப்பந்தம் என்றால் எல்லோரும் என்.ஆர்.ஐ. என்று நினைக்கிறார்கள், தப்பு. எந்த மாதம் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செல்வி தம்பி ஏப்ரல் 12 ஏறி ஜனவரி 11 இறங்கினால் அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 90 நாள்தான், பிரச்சினை இல்லை. அதே 9 மாதத்தை அக்டோபர் 12ல் தொடங்கினால், ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 11 வரை 194 நாள் இந்தியாவில் இருந்தாயிற்று. 182 நாளைத் தாண்டிவிட்டது, அந்த ஆண்டுக்கு ரெசிடென்ட். சி.டி.சி.யில் இருக்கும் சைன் ஆன், சைன் ஆஃப் தேதிதான் கணக்கு. கணேஷ், நீங்கள் ஜூலையா ஆகஸ்டா என்பதும் இதில் யோசிக்க வேண்டியது, ஆனால் இரண்டிலும் 182க்குள்தான் வருவீர்கள், முந்தி இறங்காமல் இருந்தால்.

---

செல்வி_தூத்துக்குடி | இரவு 9:10

நான் கேட்ட இன்னொரு கேள்வி அப்படியே நிற்கிறது. அலாட்மென்ட் 1000 டாலர் அனுப்பியதாகத் தாளில் இருக்கிறது. விழுந்தது 82,610. வங்கியில் கேட்டால் 590 ரூபாய் கட்டணம் பிடித்ததாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் டாலருக்கு 83.20 போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நான் பார்த்த விலை 85.60. யார் எடுத்துக்கொண்டார்கள்?

---

கிரூ_கணக்கு | இரவு 9:45

நல்லவேளை கேட்டீர்கள். டாலர் மும்பை அலுவலகத்துக்கு வந்து, அவர்கள் ரூபாயாக மாற்றி உங்களுக்கு அனுப்புகிறார்கள், இடையில் டாலருக்கு 2.40 தங்கிவிடுகிறது. 1000 டாலருக்கு மாதம் 2,400 ரூபாய், ஒன்பது மாதத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல். ஏப்ரல் லீவ் பே விடுபட்டதைவிட இது பெரிய துளை. மாற்று விகிதம் சந்தை விலையாக அல்லது அதிகாரப்பூர்வமாக வெளியிட்ட விலையாக இருக்க வேண்டும், மாலுமிக்குப் பாதகமாக இருக்கக் கூடாது என்று எம்.எல்.சி. சொல்கிறது. வேறு நாணயத்தில் கொடுத்தால் என்ன விகிதம் போட்டார்கள் என்பதையும் மாதத் தாளில் எழுத வேண்டும். உங்கள் தாளில் விகிதம் இருக்கிறதா?

---

செல்வி_தூத்துக்குடி | இரவு 9:52

இல்லை. அந்த வரியே இல்லை.

---

பழைய_போசன் | இரவு 10:15

தம்பியிடம் அலாட்மென்ட் ஃபார்மை மாற்றச் சொல்லு தாயி. அம்மா கணக்கில் ரூபாயாக வேண்டாம், அவன் பெயரில் என்.ஆர்.இ. கணக்கு தொடங்கி டாலராகவே நேரே கம்பெனியிலிருந்து அதற்கு அனுப்ப வைக்கலாம். மாற்றும் விலையை அப்போது உங்கள் வங்கிதான் போடும், ஏஜென்சி கை வைக்க முடியாது. அதிலிருந்து அம்மா கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேஷ் அட்வான்ஸ் 150ஐயும் கேளு, சீனா போர்ட்டில் என்ன செலவு என்று. அது உன் வேலை, எங்கள் வேலையில்லை!

---

புதிய_ஓஎஸ்_மாணவன் | இரவு 11:00

அண்ணா எல்லோருக்கும் வணக்கம், நான் ஜி.பி. ரேட்டிங் கோர்ஸ் முடித்துவிட்டேன். இந்த 1450 சம்பளம் எந்தக் கம்பெனியில் கொடுக்கிறார்கள்? நம்பர் அனுப்ப முடியுமா?

---

பழைய_போசன் | இரவு 11:12

தம்பி, இது ஏபி சம்பளம், அதற்கு நீ இன்னும் கடல் ஓட வேண்டும். உரிமம் உள்ள ஏஜென்சிகளின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கிறது. இங்கே நம்பர் கேட்காதே, யாராவது அனுப்பினால் நம்பாதே.

---

டெக்_ராஜா | ஜூலை 8, காலை 7:30

ஒரு சந்தேகம். செல்வி அக்கா தம்பிக்கு 9 மாதம் முடிந்தும் ஆள் மாற்ற ஆளில்லை என்றால் கம்பெனி 12 மாதம் வரை வைத்திருக்கலாம்தானே, எம்.எல்.சி.யில் 12 மாதம் என்றுதான் இருக்கிறது?

---

கிரூ_கணக்கு | காலை 8:40

12 மாதத்துக்குக் குறைவாக என்று இருக்கிறது, 12 வரை என்று இல்லை. வருடாந்திர விடுப்பை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம் போடக் கூடாது என்பதையும் சேர்த்தால் 11 மாதத்துக்கு மேல் போகாது, அதுவே பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதுவும் சட்டத்தின் மேல்வரம்புதான், தம்பியின் ஒப்பந்தம் அதைவிடச் சிறியது. ஏப்ரல் 12லிருந்து 9 மாதம் ஜனவரி 11ல் முடிகிறது. கூடக்குறைய ஒரு மாதம் என்பதால் டிசம்பர் 11ல் இறக்கவும் கம்பெனிக்கு உரிமை உண்டு, பிப்ரவரி 11 வரை வைக்கவும் உண்டு. பிப்ரவரி 11க்குப் பிறகு வைத்தால் தம்பியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இதை வீட்டில் கல்யாணம், வீடு கட்டுவது என்று திட்டமிடுபவர்கள் முதலிலேயே பார்க்க வேண்டும், நடுத் தேதியை நம்பி மண்டபம் பிடித்துவிட்டு அலையக் கூடாது.

அதே மாதிரி, தம்பியே பாதியில் இறங்குகிறேன் என்றால் விமானச் செலவை அவனிடம் பிடிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் வேலை பார்த்த நாளுக்கான லீவ் பே அதனால் போகாது. போகும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

---

கடலூர்_கணேஷ் | காலை 9:15

நான் 1520 கம்பெனிக்கு நேற்று இரவு போன் செய்து பேசிக்கை 673 ஆக்கி சீ அலவன்ஸைக் குறைக்க முடியுமா, மொத்தம் அதே 1520ஆக இருக்கட்டும் என்று கேட்டேன். "ஸ்டாண்டர்ட் ஒப்பந்தம், மாற்ற முடியாது" என்றார்கள். மொத்தம் மாறாமல் இருக்கும்போது ஏன் முடியாது என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள்.

---

கல்ஃப்_டக்_காரன் | காலை 9:40

சரி, அதற்கு என்னிடமும் பதில் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தையும் இன்றைக்கு எடுத்துப் பார்க்கிறேன், அதில் பேசிக் எவ்வளவு என்றே எனக்கு நினைவில்லை.

---

செல்வி_தூத்துக்குடி | ஜூலை 19, இரவு 8:30

அண்ணா, அண்ணாச்சி, தகவல் சொல்ல வந்தேன். தம்பி கடிதம் எழுதிக் கேப்டனிடம் கொடுத்தான், கேப்டன் கம்பெனிக்கு அனுப்பினார். ஏப்ரல் லீவ் பே 99.43ஐ ஜூலை தாளில் சேர்ப்பதாக எழுத்தில் பதில் வந்துவிட்டது. 11ஆம் தேதி ஒரு நாள் பேசிக் 22.43ம் சரி என்று ஒத்துக்கொண்டார்கள். மாற்று விகிதத்தைப் பற்றி மும்பை அலுவலகம் "வங்கி விகிதம்தான்" என்கிறது, எந்த வங்கி என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. என்.ஆர்.இ. கணக்குக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டோம், தம்பி கப்பலிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது.

டிரை டாக் 8 நாள் 53 டாலர் மட்டும் "சேவையில் இல்லை" என்று மறுத்துவிட்டார்கள். கப்பலில் இன்னும் 19 பேருக்கு அதே நிலைமை.

---

பழைய_போசன் | இரவு 9:00

19 பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுக்கச் சொல்லு. கப்பலில் யூனியன் ஒப்பந்தம் ஏதாவது மாட்டியிருக்கிறதா, மெஸ் ரூம் நோட்டீஸ் போர்டில் பார்க்கச் சொல்லு. அந்த ஒப்பந்தத்தில் டிரை டாக் பற்றித் தனியாக எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

---

செல்வி_தூத்துக்குடி | இரவு 9:25

நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன் அண்ணாச்சி. இப்போது நங்கூரத்தில் நிற்கிறார்கள், சிக்னல் சரியில்லையாம். வந்ததும் இங்கே போடுகிறேன்.